"ஒன் பை த்ரீ கம்ப்ரஸர் என்ன ரேட்?" – பள்ளத்தூர் பேக்கரி சில்லருக்கு கொட்டேஷன் கேட்ட கதை

காரைக்குடி சுத்துவட்டாரத்துல ஃப்ரிட்ஜ், சில்லர், ஐஸ்கிரீம் ஃப்ரீசர் வேலை பாக்குறவன் நான். போன சித்திரையில பள்ளத்தூர்ல ஒரு பேக்கரி அண்ணன் கடையில நடந்ததை எழுதுறேன். வேலை சின்னதுதான், கம்ப்ரஸர் மாத்துற வேலை. ஆனா அந்த கம்ப்ரஸருக்கு சப்ளையர்கிட்ட ரேட் கேட்டதுல நடந்த கூத்து இருக்கே, அதுக்காகத்தான் இவ்வளவு நீளம்.

கடையில நாலு அடி கண்ணாடி டிஸ்ப்ளே சில்லர் ஒண்ணு. ஏழு வருஷம் ஆச்சு. கிரீம் கேக், பன்னீர், வெண்ணெய், ரோஸ் மில்க் எல்லாம் அதுலதான். கம்ப்ரஸர், சூட்டை வெளிய தள்ளுற கண்டென்சர் எல்லாம் அடியில, காத்தாடி ஓடுற டைப். மூணு டிகிரியில செட் பண்ணி வச்சிருக்கு, ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு டிஸ்ப்ளேயில 11, சில நாள் 12 காட்டுது. ராத்திரி 7 டிகிரிக்கு இறங்கும், காலையில கடை திறந்ததும் மறுபடி ஏற ஆரம்பிச்சிரும். கேக் மேல கிரீம் வழியுது. முக்கியமான விஷயம், கம்ப்ரஸர் நிக்கவே இல்ல, 24 மணி நேரமும் ஓடிக்கிட்டே இருக்கு, கரண்ட் பில்லு மட்டும் ஒழுங்கா ஏறுது.

அண்ணன் எனக்கு ஃபோன் போடுறதுக்கு முன்னாடியே அவரா முடிவு பண்ணிட்டாரு, கம்ப்ரஸர் போச்சுன்னு. மதுரையில ரெண்டு பேரு, திருச்சியில ஒருத்தரு, மூணு சப்ளையருக்கும் வாட்ஸப்புல ஒரே வாய்ஸ் மெசேஜ். "அண்ணே, டிஸ்ப்ளே சில்லருக்கு ஒன் பை த்ரீ கம்ப்ரஸர் என்ன ரேட்?" அவ்வளவுதான். மூணு பதில் வந்துச்சு. 4,800. 6,900. 8,400.

நான் போய் நின்னப்ப அண்ணன் 4,800க்கு ஜிபேல அட்வான்ஸ் போடப் போறாரு. "தம்பி, ஒரே சாமான், பாதிக்குப் பாதி வித்தியாசம் பாரு, இவனுக எப்புடி ஏமாத்துறானுக"ங்கிறாரு. நான் சொன்னேன், அண்ணே செத்த பொறுங்க, இது மூணும் ஒரே சாமானான்னு முதல்ல தெரியணும், அதுக்கு முன்னாடி நம்ம கம்ப்ரஸர் நெசமாவே போயிருச்சான்னு தெரியணும்.

முதல்ல, போச்சா இல்லையா

அடித்தட்டைக் கழட்டினா கண்டென்சர் வெள்ளையா இருக்கு. பேக்கரி பாருங்க, மைதா மாவு பறந்து எண்ணெய்ப் பிசுக்கோட சேந்து ஒரு போர்வை மாதிரி மூடிக்கிச்சு. பிரஷ், புளோயர் போட்டு அரை மணி நேரம் சுத்தம் பண்ணோம். இந்த மாதிரி கம்ப்ளைண்ட்ல பாதி இங்கயே சரியாயிரும். இதுல ரெண்டு டிகிரிதான் இறங்குச்சு, 11 இருந்தது 9 ஆச்சு, அதுக்கு மேல அசையல. காத்தாடி நல்லா சுத்துது, வோல்டேஜ் 210 வருது, கேஸ்கெட் ரப்பர் இறுக்கமா இருக்கு.

அப்புறம் கிளாம்ப் மீட்டரப் போட்டேன். மிஷின் பிளேட்டுல 2.6 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு. ஓடுறது 1.7. கரண்ட் கம்மியா எடுக்குதுன்னா வேலை கம்மியா செய்யுதுன்னு அர்த்தம். இதுக்கு ரெண்டு காரணம்தான் இருக்க முடியும், ஒண்ணு கேஸ் குறைஞ்சிருக்கணும், இல்லேன்னா பம்பிங் போயிருக்கணும். இந்த இடத்துலதான் நிறைய பேரு கேஸ் ஏத்திட்டு ரெண்டாயிரம் வாங்கிட்டுப் போயிருவாங்க, பத்து நாள்ல அதே கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் ஒரு லீக் அடைச்சு, கம்ப்ரஸர் கேஸை இழுக்கிற சக்ஷன் பக்கம் பின் வால்வு வச்சிருந்தேன், அதனால பிரஷர் கேஜ் மாட்ட முடிஞ்சுது. ஆர்134ஏ கேஸ், இந்த மாதிரி சில்லர்ல ஓடுறப்ப சக்ஷன் 15 பி.எஸ்.ஐ பக்கத்துல இருக்கணும், அப்பத்தான் உள்ள குளிர் குடுக்கிற காயில் மைனஸ் 10 பக்கம் இருக்கும். இங்க 32 நிக்குது. 32ன்னா காயில் ப்ளஸ் 2 டிகிரி. காயிலே ப்ளஸ் 2ல இருந்தா கேக் எப்புடி மூணுக்கு வரும்? அதே நேரம் கண்டென்சர் நடுப் பைப்புல தெர்மாமீட்டர் வச்சா 41. வெளிய வெயில் 36. சாதாரணமா வெளிச்சூட்டை விட ஒரு 15 டிகிரி கூட இருக்கும், கை வச்சா வெடுக்குன்னு எடுக்கத் தோணும், இது வெதுவெதுன்னு இருக்கு.

கேஸ் குறைஞ்சிருந்தா சக்ஷனும் இறங்கும், கண்டென்சரும் ஆறும். ரெண்டுமே கீழ போகும். இங்க சக்ஷன் மேல போயிருக்கு, கண்டென்சர் கீழ வந்திருக்கு. அதாவது கம்ப்ரஸர் உள்ள இருக்கிற தகட்டு வால்வு சரியா மூடல, அழுத்தித் தள்ளுன கேஸ் திரும்பி உள்ளயே வருது. மோட்டார் ஓடும், சத்தம் வரும், கூலிங் வராது. வைண்டிங் மூணு முனையும் அளந்து பாத்தேன், சரியா கூட்டி வருது, பாடிக்கு எர்த் இல்ல. சோ மோட்டார் நல்லா இருக்கு, பம்பு போச்சு. இது ஏன் முக்கியம்னா வைண்டிங் எரிஞ்சிருந்தா ஆயில் கருகி அமிலமாகி லைன் பூரா போயிருக்கும், அப்ப வெறும் கம்ப்ரஸருக்கு மட்டும் ரேட் கேட்டா பத்தாது, லைன் கழுவுறது எல்லாம் சேரும். இதுல அது வேணாம்.

ஆக அண்ணன் சொன்னது சரிதான், கம்ப்ரஸர்தான். குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி.

"ஒன் பை த்ரீ"ன்னா என்ன

இப்ப அந்த மூணு ரேட்டுக்கு வருவோம். ஒன் பை த்ரீன்னா மூணுல ஒரு பங்கு ஹெச்.பி. வெறும் ஹெச்.பி சொல்லி கம்ப்ரஸர் கேக்குறது, துணிக்கடையில போய் "மூணு மீட்டர் என்ன விலை"ன்னு கேக்குற மாதிரி. மூணு மீட்டர் என்னன்னு அவன் திருப்பிக் கேக்கணும். கேக்கலேன்னா கையில எது இருக்கோ அதுக்கு ரேட் சொல்லுவான்.

ஒரே ஹெச்.பியில, ஒரே கேஸுக்கே, ரெண்டு ஜாதி கம்ப்ரஸர் இருக்கு. டீப் ஃப்ரீசருக்கு எல்.பி.பி, சில்லருக்கு எம்.பி.பி. ஃப்ரீசர்ல காயில் மைனஸ் 23 பக்கம் ஓடும், அங்க கேஸ் ரொம்ப லேசா வரும், அதனால பெரிய சிலிண்டர் வச்சு நிறைய இழுக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க, மோட்டாருக்கு பெரிய பாரம் இருக்காது. சில்லர்ல கேஸ் அடர்த்தியா வரும். எல்.பி.பியத் தூக்கி சில்லர்ல மாட்டினா அந்தப் பெரிய சிலிண்டர் அடர்த்தியான கேஸ அள்ளி அள்ளி இழுக்கும், மோட்டார் தாங்காது, ஓவர்லோட் டிக்குன்னு கட் ஆகும், ஆறும், மறுபடி எடுக்கும், மறுபடி கட். சித்திரை வெயில்ல சூடான சரக்கை உள்ள வச்ச அன்னிக்குத்தான் இது தெரியும். மாட்டின அன்னிக்கு சாயங்காலம் ஜம்முன்னு ஓடும், மெக்கானிக் காசு வாங்கிட்டுப் போயிருப்பான்.

4,800 அதுதானோன்னு எனக்கு சந்தேகம். ஆனா சந்தேகத்துல ஒருத்தரைக் குத்தம் சொல்லக்கூடாது, நாம கேட்டதே தப்பு. அதனால அண்ணனை உக்கார வச்சு, ஒழுங்கா எழுதிக் கேப்போம்னு சொன்னேன். "எதுக்குத் தம்பி இவ்வளவு, ஒரு சாமான் வாங்க மனு எழுதணுமா"ன்னாரு. அண்ணிதான் சொன்னாங்க, "கல்யாணத்துக்கு சாமான் லிஸ்ட்டு எழுதுறப்ப மட்டும் வெத்தலைக்குக் கூட எண்ணிக்கை போடுறீகள்ல"ன்னு. அதோட பேச்சு முடிஞ்சுது.

கம்ப்ரஸர் மேல இருக்கிற ஸ்டிக்கர் சூட்டுல கருகிப் போச்சு, மாடல் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து தெரியல. அதனால சில்லரோட பின்பக்கத் தகட்டையும் கம்ப்ரஸர் ஸ்டிக்கரையும் ரெண்டையும் ஃபோட்டோ எடுத்தோம். அப்புறம் இஞ்ச் டேப் வச்சு அடி அறையோட உயரம். இதை நிறைய பேரு விட்டுருவாங்க, சாமான் வந்தப்புறம் உள்ள நுழையாம நிப்பாங்க.

அனுப்பின மெசேஜ் இதுதான், அண்ணன் பேருல, அவரு பாணியில:

"வணக்கம் அண்ணே. பள்ளத்தூர்ல பேக்கரி வச்சிருக்கேன். எங்க டிஸ்ப்ளே சில்லர் கம்ப்ரஸர் பம்பிங் போயிருச்சு, மெக்கானிக் செக் பண்ணிட்டாரு. வைண்டிங் எரியல. புதுசு மாத்த கொட்டேஷன் வேணும்.

மிஷின் பிளேட்டுல இருக்கிறது: ஆர்134ஏ கேஸ் 320 கிராம், 230 வோல்ட் சிங்கிள் பேஸ், 2.6 ஆம்ப்ஸ். காப்பில்லரி டைப். உள்ள 2லேர்ந்து 8 டிகிரி வேணும், ஃப்ரீசர் இல்ல. கடையில மத்தியானம் 38 டிகிரி வரைக்கும் போகும். கம்ப்ரஸர் வைக்கிற இடம் உயரம் 21 சென்டிமீட்டர்தான். ரெண்டு பிளேட் ஃபோட்டோவும் கூட வச்சிருக்கேன், பழைய மாடல் நம்பர் பாதிதான் தெரியுது.

எனக்கு வேணும்கிறது ஆர்134ஏக்கு உள்ள எம்.பி.பி கம்ப்ரஸர், புதுசு, ரீகண்டிஷன் வேணாம், வேற கேஸுக்கு உள்ளதும் வேணாம். என்ன மேக், என்ன மாடல்னு எழுதி, அதோட டேட்டா ஷீட்டும் அனுப்புங்க. அதுக்கு உள்ள ரிலே, ஸ்டார்ட் கெபாசிட்டர், ஓவர்லோட், ஒரு ஃபில்டர் டிரையர், இதெல்லாம் சேத்தா தனியான்னு சொல்லுங்க. ஜிஎஸ்டி சேத்தா தனியா, காரைக்குடி வரைக்கும் பார்சல் சேத்தா தனியா.

வாரண்டி எத்தனை மாசம், எந்தத் தேதியிலேர்ந்து, வாரண்டியில போச்சுன்னா மாத்தித் தர எத்தனை நாள் ஆகும். பில்லு கடை பேருல, சீரியல் நம்பர் போட்டு வேணும். பழைய கம்ப்ரஸரை எடுத்துக்கிட்டா எவ்வளவு கழிப்பீங்க. மாட்டுற கூலி, கேஸ் எங்க மெக்கானிக் பாத்துப்பாரு, அதை இதுல சேக்க வேணாம்.

பெட்டியை நிக்க வச்சே அனுப்பணும், பைப் வாய் ரப்பர் அடைப்பு கழண்டிருந்தா நாங்க எடுத்துக்க மாட்டோம். வைகாசி முகூர்த்தத்துக்கு ஆர்டர் இருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள ரேட் சொன்னா சனிக்கிழமை பணம் போட்டுருவேன்."

ரப்பர் அடைப்பு சமாச்சாரத்தைப் படிச்சிட்டு அண்ணன் சிரிச்சாரு. ஆர்134ஏ கம்ப்ரஸர்ல இருக்கிற ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், நம்ம உப்பு ஜாடியைத் திறந்து வச்சா கசியுதுல்ல, அதே மாதிரி. அடைப்பு இல்லாம மூணு மாசம் குடோன்ல கிடந்த சாமானை மாட்டினா, உள்ள இருக்கிற ஈரம் காப்பில்லரிங்கிற மெல்லிசுக் குழாய் முனையில ஐஸா அடைக்கும். அப்ப மறுபடி எனக்குத்தான் திட்டு விழும்.

"பில்லு கடை பேருல"ங்கிறது நான் வேணும்னே போடச் சொன்னது. எங்க தொழில்ல மெக்கானிக் பேருல பில்லு போட்டு, நடுவுல முன்னூறு ஐநூறு கமிஷன் ஓடுறது ஊரறிஞ்ச விஷயம், நானும் வாங்கினவன்தான், மறைக்கல. ஆனா வாரண்டியில போனா பில்லு யார் பேருல இருக்கோ அவன்தான் மதுரைக்கு அலையணும், அதையும் நான் ஒரு தடவை அலைஞ்சிருக்கேன்.

வந்த பதில்

4,800 சொன்ன மதுரைக்காரர் அன்னிக்கு ராத்திரியே ஃபோன் பண்ணாரு. நல்ல மனுஷன். "அண்ணாச்சி, நீங்க சும்மா ஒன் பை த்ரீன்னு கேட்டீங்க, நான் ஃப்ரீசர் கம்ப்ரஸர் ரேட் சொல்லிட்டேன். எம்.பி.பின்னா 6,700 ப்ளஸ் ஜிஎஸ்டி, ஆனா என்கிட்ட இருக்கிற மாடல் உயரம் 22 வரும், உங்களுக்கு நுழையாது"ன்னாரு. அட்வான்ஸ் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு அண்ணன் என்னைப் பாத்தாரு, நான் ஒண்ணும் சொல்லல.

திருச்சிக்காரர் எழுத்துல அனுப்பினாரு. எம்.பி.பி கம்ப்ரஸர் 6,900. கீழ சின்னதா: ஜிஎஸ்டி 18 தனி, ரிலே கெபாசிட்டர் ஓவர்லோட் செட் 650, டிரையர் 120, பார்சல் 200. கூட்டிப் பாருங்க. 6,900க்கு வரி 1,242, ஆக 8,142. அதுல செட்டு, டிரையர், பார்சல் 970 சேத்தா 9,112.

மூணாவது, 8,400 சொன்ன இன்னொரு மதுரைக் கடை. முதல் நாள் அண்ணன் இவரைத்தான் "கொள்ளைக்காரன்"னு சொன்னாரு. அவரு அனுப்பினதுல கம்ப்ரஸர், ரிலே, கெபாசிட்டர், ஓவர்லோட், டிரையர், வரி, பார்சல் எல்லாம் சேத்துத்தான் 8,400. திருச்சியை விட 712 ரூபா கம்மி. வாரண்டி ரெண்டு பேருமே பில் தேதியிலேர்ந்து ஒரு வருஷம். திருச்சியில போனா கம்பெனிக்கு அனுப்பி வந்தப்புறம்தான் மாத்துவாங்க, நாள் சொல்ல முடியாதுன்னு எழுதியிருந்தாரு. மதுரைக்காரர், ஓவர்லோடும் ரிலேயும் நாங்க குடுத்ததையே மாட்டியிருந்து கண்டென்சர் சுத்தமா இருந்தா கடையிலேயே மாத்தித் தர்றோம்னாரு. அந்த நிபந்தனை எனக்குப் பிடிச்சுது. பழைய ரிலேயை புது கம்ப்ரஸர்ல மாட்டி அதை எரிக்கிற வேலை எங்க ஆளுங்கதான் செய்வாங்க. ஒவ்வொரு மாடலுக்கும் ஸ்டார்ட் ஆகுற கரண்ட் வேற, ஓவர்லோட் எந்த இடத்துல கட் ஆகணும்கிறதும் வேற, பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் அது வேலைக்காகாது.

டேட்டா ஷீட் பாக்குறப்ப ஒரு இடத்துல நானே தடுமாறுனேன். திருச்சி மாடலுக்கு கூலிங் வாட் கம்மியாவும், மதுரை மாடலுக்கு நல்லா கூடவும் போட்டிருந்துச்சு. அண்ணன் உடனே "அப்ப மதுரைதான் பவர் ஜாஸ்தி"ன்னாரு. உத்துப் பாத்தா திருச்சி ஷீட்டுல காயில் மைனஸ் 10ல அளந்தது, மதுரை ஷீட்டுல மைனஸ் 6.7ல அளந்தது. காயில் சூடு ஏற ஏற எந்தக் கம்ப்ரஸருக்கும் வாட் கூடும். மதுரை ஷீட்டுலயே கீழ மைனஸ் 10க்கும் ஒரு வரி இருந்துச்சு, அதை எடுத்து வச்சா ரெண்டுக்கும் வித்தியாசம் சொற்பம். வாட் நம்பரை மட்டும் பாத்து ஒப்பிடக்கூடாது, பக்கத்துல என்ன கண்டிஷன்னு போட்டிருக்கோ அது ஒண்ணா இருக்கணும்.

நடுவுல திருச்சிக்காரர் "அரை ஹெச்.பி போட்டுருங்க, ஆயிரம்தான் கூட, கூலிங் பிச்சுக்கும்"னும் ஒரு வார்த்தை விட்டாரு. வேணாம்னுட்டோம். காப்பில்லரி பழசு, கண்டென்சர் பழசு, அது ரெண்டும் ஒன் பை த்ரீக்கு அளந்து வச்சது. பெருசு மாட்டினா சக்ஷன் ரொம்ப இறங்கி காயில் பூரா ஐஸ் கட்டி காத்து போகாம நிக்கும்.

மாட்டினது

மதுரைக்கே சனிக்கிழமை பணம் போட்டாரு. திங்கக்கிழமை காலையில பார்சல் ஆபீஸ்ல போய் எடுத்தேன், பெட்டி நிமிந்துதான் இருந்துச்சு, அடைப்பு ரெண்டும் இருக்கு, சீரியல் நம்பர் பில்லோட ஒத்துப் போச்சு.

பழசைக் கழட்டின உடனே ஒரு வேலை செஞ்சேன், அண்ணனுக்குக் காட்டுறதுக்காகவே. டிஸ்சார்ஜ் பைப் வாயில கட்டை விரலை வச்சு அடைச்சுக்கிட்டு கம்ப்ரஸரை செத்த நேரம் ஓட விட்டேன். நல்ல கம்ப்ரஸர்னா விரலைத் தள்ளி விட்டுரும், எவ்வளவு அழுத்தினாலும் நிக்காது. இது புஸ்ஸுன்னு ஊதுது, விரல் அப்படியே நிக்குது. ஆயில் கொஞ்சம் கொட்டிப் பாத்தேன், தெளிவா, கருகின வாடை இல்லாம இருந்துச்சு. பம்புதான், சந்தேகமே இல்ல.

அப்புறம் வழக்கமான வேலைதான். நைட்ரஜன் விட்டு ஊதி, டிரையர் மாத்தி, பைப்பைப் பத்த வச்சு ஒட்டி, லீக் பாத்து, முக்கா மணி நேரம் வேக்கம் போட்டு, தராசுல வச்சு 320 கிராம் கேஸ். கேஜ் பாத்து குத்துமதிப்பா ஏத்துறது இந்தச் சின்ன மிஷினுக்கு ஆகாது, முப்பது நாப்பது கிராம் கூடினாலே ஆட்டம் காட்டும். ஓட விட்டா 2.4 ஆம்ப்ஸ், சக்ஷன் 16, கண்டென்சர் தொட முடியல. உள்ள 34ல இருந்து 4க்கு வர மூணு மணி நேரம். 3ல கட் ஆகி நின்னுச்சு. அது நின்ன சத்தம், அதாவது சத்தம் இல்லாததைக் கேட்டு அண்ணி உள்ளயிருந்து ஓடி வந்து "என்ன, மறுபடி போச்சா"ங்கிறாங்க. பல மாசமா நிக்காம ஓடின மிஷின்ல, நின்னா பயமாத்தானே இருக்கும்.

பழசுக்கு மதுரைக்காரர் 450 கழிக்கிறேன்னாரு, ஆனா திருப்பி அனுப்புற பார்சல் காசு நம்ம தலையில. அதனால இங்கயே பழைய இரும்புக் கடையில 500க்குப் போட்டுட்டாரு.

ஒரு மாசம் கழிச்சு தேவகோட்டையில இருக்கிற அண்ணனோட மச்சான் எனக்கு ஃபோன். அவருக்கும் கடையில கூல்டிரிங்ஸ் சில்லர் கூலிங் இல்ல, மாமா குடுத்த அதே மெசேஜை மூணு பேருக்கும் அனுப்பிட்டேன், எந்த ரேட்டை எடுக்கன்னு கேட்டாரு. அனுப்பினதைப் பாத்தேன். ஊர் பேரு மட்டும் மாத்தியிருக்காரு, ஆர்134ஏ 320 கிராம், 2.6 ஆம்ப்ஸ், 21 சென்டிமீட்டர் எல்லாம் அப்படியே பள்ளத்தூர் மிஷினோடது. உங்க சில்லர் பின்னாடி தகட்டை ஃபோட்டோ எடுங்கன்னேன். எடுத்து அனுப்பினாரு. ஆர்290. எரியுற கேஸ், எல்.பி.ஜி குடும்பம், மஞ்சள் முக்கோணத்துல தீப்படம் போட்டே ஒட்டியிருக்கு, கம்ப்ரஸரும் வேற, ரிலேயும் வேற. கம்ப்ரஸர் போச்சுன்னு யாரு சொன்னாங்கன்னு கேட்டேன், யாரும் சொல்லல, மாமாவுக்குப் போனதால நினைச்சேன்னாரு. கொட்டேஷனை எல்லாம் ஓரமா வைங்க, முதல்ல கீழ் தட்டைக் கழட்டி கண்டென்சரைப் பாருங்கன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன்.